முதல் வலைத்தளம் எத்தனை கிழமை எடுக்கும்? மூன்று கணக்கு முறைகளும் ஒரு கிழமைத் திட்டமும்

“எப்ப பிள்ளை முடியும்?” வலைத்தளம் ஒன்று செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னதும் ஊர்ச் சங்கத்தில் முதலில் வருகிற கேள்வி இதுதான். கேட்பவர்களுக்கு ஒரு திகதி வேண்டும். பகல் வேலை முடிந்து இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இருந்து தளம் கட்டப் போகிறவருக்கோ, திகதி சொல்ல எந்த அடிப்படையும் இருக்காது. அதனால் வாயில் வருகிற ஒரு காலத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் காலம் கடந்த பிறகு அவரைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதையே கேட்பார்கள். பாதி கட்டிய தளம் ஒன்று மடிக்கணினிக்குள் அப்படியே கிடக்கும்.

திகதி சொல்ல மூன்று வழிகள் உண்டு. அவற்றை ஒரே உதாரணத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். பிறகு அந்தக் காலத்தைக் கிழமை இலக்குகளாகப் பிரிக்கும் இரண்டு முறைகளில் எது நல்லது என்றும் பார்க்கலாம்.

உதாரணம் இது. இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீரில் வயல் செய்கிற ஒரு கமக்காரர் அமைப்பு. உறுப்பினர் ஒருவரின் மகள் கிளிநொச்சி நகரில் வேலை செய்கிறார். பஸ் பிடித்து வீடு வரப் பொழுது சாய்ந்துவிடும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டையும் ஒரு வகுப்பில் படித்திருக்கிறார். ஆனால் முழுத்தளம் ஒன்றைக் கட்டியதில்லை. அமைப்பு கேட்பது ஐந்து பக்கங்கள்: முகப்பு, அமைப்பைப் பற்றி, நீர் விநியோக அட்டவணை, அறிவித்தல்கள், தொடர்பு. விற்பனை எதுவும் இல்லை என்பதால் கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச சேவையில் ஏற்றலாம். பொருள் விற்கிற தளம் என்றால் அதன் விதிகள் இடம் கொடுக்காது. வேறு ஹோஸ்டிங் பார்க்க வேண்டும். ஜூலை முதல் கிழமை தொடங்கி, காலபோக விதைப்பு தொடங்குமுன் தளம் வந்துவிட வேண்டும் என்பது அமைப்பின் விருப்பம். கீழே வரும் எண்கள் எல்லாம் இந்த உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கணக்குப் போடும் விதம் மாறாது.

முதல் வழி: மனதில் பட்டதைச் சொல்வது

“ஐந்து பக்கம்தானே, ஒரு மாதத்தில் முடியும்.” இந்தக் கணக்குக்கு ஒரு நிமிடம் கூடத் தேவையில்லை. ஒரே பக்கம், எழுத்தும் படமும் கையில் தயார், ஏற்கெனவே பழகிய கருவி என்றால் இதுவே போதும். அதற்கு மேல் போய்க் கணக்குப் பார்ப்பது வீண் வேலை.

ஐந்து பக்கத்துக்கு இது போதாது. இப்படிச் சொல்லும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிற ஒரு மாதத்தையே மனம் கற்பனை செய்கிறது. கனடாவில் மூன்று உளவியலாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வுக் கட்டுரையை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே பிழைத்துப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாள் என்றார்கள். உண்மையில் எடுத்தது 55 நாளுக்கு மேல். அதாவது, மோசமான நிலையை நினைத்துச் சொன்ன எண் கூட நிஜத்துக்குக் குறைவாகவே இருந்தது.

அதே ஆய்வில் இன்னொரு விடயமும் தெரியவந்தது. முன்பு செய்த இதே மாதிரியான வேலைகளை நினைவுபடுத்தி, அந்த அனுபவத்தை இப்போதைய வேலையோடு பொருத்திப் பார்க்கச் சொன்னபோது கணிப்பு நிஜத்துக்குக் கிட்ட வந்தது. முதல் தளம் கட்டுகிறவருக்குச் சிக்கலே அங்குதான். நினைவுபடுத்த அவரிடம் முன்பு கட்டிய தளம் எதுவும் இல்லை.

இரண்டாம் வழி: வேலையைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்

அமெரிக்கக் கடற்படை 1958இல் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய ‘பெர்ட்’ முறையிலிருந்து வந்தது இது. முழு வேலையையும் சிறு வேலைகளாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எல்லாம் சரியாக வந்தால் எத்தனை மணித்தியாலம், வழமையாக எத்தனை, பிழைத்தால் எத்தனை என்று மூன்று எண் எழுத வேண்டும். பிறகு வழமையான எண்ணை 4ஆல் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, 6ஆல் வகுத்தால் அந்த வேலைக்கான மணித்தியாலம் வரும்.

எங்கள் உதாரணத்தில் இப்படி வரலாம்:

| வேலை | சரிவந்தால் | வழமை | பிழைத்தால் | கணக்கு |
|---|---|---|---|---|
| எழுத்து, படம் திரட்டித் திருத்துதல் | 5 | 10 | 27 | 12 |
| முதல் பக்கத்தின் சட்டகமும் தோற்றமும் | 6 | 10 | 20 | 11 |
| மற்றப் பக்கங்கள் | 4 | 8 | 12 | 8 |
| நீர் அட்டவணை போனில் ஒழுங்காகத் தெரிதல் | 2 | 4 | 12 | 5 |
| ஏற்றுதல், டொமைன் | 1 | 3 | 11 | 4 |
| பலரின் போனில் பார்த்துத் திருத்துதல் | 3 | 5 | 13 | 6 |

மொத்தம் 46 மணித்தியாலம். வழமையான எண்களை மட்டும் கூட்டியிருந்தால் 40 வந்திருக்கும். அந்த 6 மணித்தியால வித்தியாசத்தை விட, அட்டவணையை எழுதும்போது கண்ணில் படுகிற வேறு இரண்டு விடயங்கள்தான் இந்த முறையில் பெரிய பயன். முதலாவது, மறந்துபோகிற வேலைகள் வெளியே வரும். எழுத்தும் படமும் திரட்டுவது ஒரு வேலை என்றே பலர் நினைப்பதில்லை. இங்கே அதுதான் பட்டியலில் ஆகப் பெரியது. இரண்டாவது, ‘பிழைத்தால்’ எண் ‘சரிவந்தால்’ எண்ணைவிட எங்கே மிகக் கூடிய மடங்காக இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாத இடம் எது என்று விளங்கும். ஏற்றும் வேலைக்கு 1 என்றும் 11 என்றும் எழுதியிருக்கிறார். அந்த வேலை எப்படி நடக்கும் என்றே அவருக்குத் தெரியாது என்பதுதான் அதன் அர்த்தம். அப்படியான வேலையைக் கடைசிக்கு வைக்கக் கூடாது.

இந்த முறையின் குறை, அந்த மூன்று எண்களும் எங்கிருந்து வருகின்றன என்பதில் இருக்கிறது. ஒருபோதும் செய்யாத வேலைக்கு ‘வழமை’ என்று ஒன்று கிடையாது. கனடா மாணவர்களின் 49 நாளைப் போல, ‘பிழைத்தால்’ என்ற எண்ணும் குறைவாகவே விழக்கூடும். அட்டவணை பார்க்க ஒழுங்காக இருப்பதால் அது உண்மை என்று நம்பத் தோன்றும்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. 46 என்பது மணித்தியாலக் கணக்கு; சங்கத்தார் கேட்பது திகதி. அதைக் கிழமையாக மாற்ற அவர், ‘வேலை நாளில் ஒரு மணித்தியாலம், ஞாயிறு ஐந்து மணித்தியாலம், ஆகவே கிழமைக்குப் பத்து’ என்று போடுகிறார். 46ஐ 10ஆல் வகுத்தால் ஐந்து கிழமைக்கும் குறைவு. கடைசியில் முதல் வழியில் வாயில் வந்த அதே ஒரு மாதத்துக்குத்தான் வந்து நிற்கிறார்.

மூன்றாம் வழி: ஒரு பக்கத்தை முழுதாகக் கட்டி அளப்பது

முன்பு செய்த வேலை இல்லையென்றால், ஒன்றைச் செய்து அளந்துகொள்ளலாம். ஐந்தில் ஒரு பக்கத்தை எடுத்து, உண்மையான எழுத்தோடும் படத்தோடும் கட்டி, இணையத்தில் ஏற்றி, வேறொருவரின் போனில் திறந்து பார்க்கும் வரை கொண்டுபோக வேண்டும். எடுத்த நேரத்தை ஒரு கொப்பியில் எழுத வேண்டும். அதற்கு முன் யாருக்கும் திகதி சொல்லக் கூடாது. “இரண்டு கிழமையில் ஒரு பக்கம் காட்டுகிறேன், அதன் பிறகு முழுத் திகதி சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லலாம்.

எந்தப் பக்கத்தை எடுப்பது? முகப்பு வேண்டாம். முகப்பில் மற்றப் பக்கங்களின் சுருக்கம் வருவதால் அவற்றில் ஒன்றிரண்டாவது இல்லாமல் அதைத் தொடங்க முடியாது. ‘தொடர்பு’ மிகவும் சின்னது, அளவு பிழையாக வரும். ‘அமைப்பைப் பற்றி’ சரியான தெரிவு. நான்கு பந்தி எழுத்து, இரண்டு படம், எல்லாப் பக்கத்திலும் வரப்போகிற தலைப்புப் பட்டியும் இருக்கும்.

கொப்பியில் ஒவ்வொரு தடவையும் திகதி, என்ன வேலை, எத்தனை நிமிடம் என்று எழுதி, பக்கத்தில் ‘ஒ’ அல்லது ‘தி’ என்று போட வேண்டும். ஒரே தடவை செய்கிற வேலை ‘ஒ’. ஒவ்வொரு பக்கத்துக்கும் திரும்ப வருகிற வேலை ‘தி’. கணக்கின் உயிர் இந்த ஒரு எழுத்தில்தான் இருக்கிறது. கிட்ஹப்பில் கணக்குத் திறந்ததும் சட்டகம் எழுதியதும் ஒ. எழுத்தைத் தட்டியதும் படத்தின் அளவைக் குறைத்ததும் தி.

இந்த இரண்டு கிழமையில் என்னென்ன நடக்கும் என்று பார்ப்போம். இவை முதல் தளம் கட்டுகிற அநேகருக்கு நடப்பவைதான்.

அமைப்பின் செயலாளர் ஒரு கோப்பு அனுப்புகிறார். சங்கத்தின் வரலாறு, யாப்பு, எல்லாம் அதில் தமிழில் இருக்கிறது. அதை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினால் `jkpo;` என்பது போல ஆங்கில எழுத்துக் குவியல் வருகிறது. கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டது. அந்த எழுத்துரு உள்ள கணினியில் `jkpo;` என்பது ‘தமிழ்’ என்று தெரியும், இணையத்தில் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் வாசித்துத் திருத்தத்தான் வேண்டும். இடையில் கிடந்த ஆங்கிலச் சொற்கள் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். சில உயிர்மெய் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். எங்கள் பக்கத்துச் சங்கங்களிலும் கோயில்களிலும் பழைய கோப்புகள் நிறைய பாமினியில்தான் கிடக்கின்றன. அட்டவணையில் எழுத்துத் திரட்ட 27 மணித்தியாலம் வரை போகலாம் என்று போட்டதற்குக் காரணம் இது.

படங்கள் வட்ஸ்அப்பில் வருகின்றன, சிலது நேரடியாக போன் கமராவிலிருந்து. கமராப் படம் பல மெகாபைட் இருக்கும். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, சில நூறு கிலோபைட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வயல் வரம்பில் நின்று போன் டேட்டாவில் திறக்கிறவருக்குப் பக்கம் வராது.

ஏற்றிய பிறகு இன்னொன்று. மடிக்கணினியில் தெரிந்த குளத்துப் படம் இணையத்தில் தெரியவில்லை. கோப்பின் பெயர் `Kulam.JPG`, பக்கத்தில் எழுதியது `kulam.jpg`. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். கிட்ஹப் பேஜஸ் வேறு வேறாகப் பார்க்கும். காரணம் தெரியாதவருக்கு இதில் ஓர் இரவு போய்விடும். கோப்புப் பெயர் எல்லாமே சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் என்று அன்றே முடிவெடுத்தால் பிறகு வராது. திருத்தியதும் உடனே தெரியாவிட்டால் பதற வேண்டியதில்லை; கிட்ஹப் பேஜஸில் மாற்றம் வெளியே தெரியப் பத்து நிமிடம் வரை எடுக்கலாம்.

அப்புறம் அப்பாவின் போனில் திறந்து பார்த்தால் எழுத்து எறும்பு அளவில் தெரிகிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் இரண்டு வரிகள் இருக்க வேண்டும்:

```html
<meta charset="utf-8">
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

முதல் வரி தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிவதற்கு. இரண்டாவது, பக்கத்தின் அகலத்தை போனின் அகலத்துக்குப் பொருத்துவதற்கு. கணினியில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இரண்டாவது இல்லாத குறை கடைசி வரை தெரியாது.

இரண்டு கிழமை முடிவில் கொப்பியைக் கூட்டினால் 12 மணித்தியாலம். அதில் 7 ஒரே தடவை வேலை, 5 திரும்ப வரும் வேலை. அந்த ஐந்திலும் மூன்று எழுத்துக்கும் படத்துக்குமே போயிருக்கிறது.

இனி மீதியைக் கணக்கிடலாம். முகப்பு, அறிவித்தல்கள், தொடர்பு மூன்றும் இதே மாதிரியானவை. பக்கத்துக்கு 5 வீதம் 15. நீர் அட்டவணை கடினமானது. வாய்க்கால் பெயர்களும் நாள்களும் நேரங்களுமாகப் பல நிரல்கள், போன் திரைக்குள் அடங்காது. அதை இரண்டு பக்கமாக எண்ணி 10 போடலாம். டொமைனுக்கு 4, பலரின் போனில் பார்த்துத் திருத்த 6. இவை இரண்டையும் இன்னும் அளக்கவில்லை என்பதால் முந்திய அட்டவணையில் இருந்தே எடுக்கிறோம். மீதி 35, செய்து முடித்தது 12. மொத்தம் 47.

மூன்று எண் முறையில் வந்தது 46. கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படியென்றால் இந்த இரண்டு கிழமையும் எதற்கு? கொப்பி இன்னொரு எண்ணையும் தருகிறது. இரண்டு கிழமைக்கு 12 என்றால் கிழமைக்கு 6. அவர் நினைத்தது 10. வேலை நாள் இரவுகளில் இரண்டு களைப்பில் போனது. இருந்த இரவுகளிலும் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கவே கால் மணித்தியாலம் சரி. ஞாயிறு ஐந்தில் ஒரு பகுதி வீட்டு வேலைக்குப் போனது. 35ஐ 6ஆல் வகுத்தால் ஆறு கிழமை. முதல் இரண்டோடு சேர்த்து எட்டு. மணித்தியாலக் கணக்கு இரண்டு முறையிலும் கிட்டக் கிட்ட வரலாம், ஆனால் உங்கள் கிழமைக்கு உண்மையில் எத்தனை மணித்தியாலம் என்பதைக் கொப்பி இல்லாமல் எவராலும் சொல்ல முடியாது. பகுதி நேரமாகக் கட்டுகிறவர்களின் திகதி பிந்துவது பெரும்பாலும் இந்த எண்ணில்தான் என்பது என் கணிப்பு.

இதற்கு மேல் நாட்காட்டியையும் எடுக்க வேண்டும். ஜூலை முதல் கிழமை தொடங்கினால் ஏழாவது கிழமை ஆகஸ்ட் நடுப்பகுதி. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா, வீட்டார் எல்லோரும் போவார்கள். சிறுபோக அறுவடையும் அந்தப் பக்கம்தான் வரும். அந்தக் கிழமைக்குப் பூச்சியம் என்றே போட வேண்டும். ‘ஒரு மணித்தியாலமாவது செய்வேன்’ என்று எழுதினால் அது கணக்கைக் கெடுக்கும். கடைசியில் இன்னொரு கிழமை கைகாவலாக விட்டால் மொத்தம் பத்து. செப்டெம்பர் முதல் பத்து நாளுக்குள் முடியும். விதைப்புக்கு முன் வந்துவிடும். சங்கத்தாரிடம் சொல்ல வேண்டிய திகதி இதுதான்.

ஆகவே என் முடிவு: முதல் தளம் கட்டுகிறவருக்கு மூன்றாம் வழி. மூன்று எண் அட்டவணையையும் ஒரு மாலையில் எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் வேலைகளை மறக்காமல் இருக்கவும், தெரியாத இடத்தை முன்னுக்குக் கொண்டுவரவும் மட்டும். திகதி சொல்ல அதை எடுக்கக் கூடாது. இரண்டு கிழமை பொறுக்க முடியாத, உடனே திகதி வேண்டும் என்கிற இடமென்றால், இரண்டாம் வழியின் மணித்தியாலத்தை எடுத்து, நீங்கள் நினைக்கிற கிழமை மணித்தியாலத்தில் பாதியால் வகுத்துச் சொல்வது பாதுகாப்பு.

எழுதாமல், இழுத்து வைத்தே பக்கம் செய்கிற கருவி ஒன்றை எடுத்தால் சீக்கிரம் முடியாதா என்று கேட்கலாம். முடியும், ஆனால் அது குறைப்பது ‘ஒ’ வேலையை. 7 மணித்தியாலம் 2 அல்லது 3 ஆகலாம். பாமினியை மாற்றுவதும், செயலாளரிடமிருந்து எழுத்தை வாங்குவதும், படத்தைச் சுருக்குவதும் எந்தக் கருவியிலும் அதே நேரம்தான் எடுக்கும். ஐந்து பக்கத் தளத்தில் கருவியை மாற்றி மிஞ்சுவது ஒரு கிழமைக்குள்தான். படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் கையால் எழுதலாம், நேரத்துக்காகப் பயந்து விட வேண்டியதில்லை.

கிழமை இலக்கு: தட்டுத் தட்டாகவா, பக்கம் பக்கமாகவா?

பத்துக் கிழமையைப் பிரிக்க முதலில் தோன்றுகிற முறை தட்டுத் தட்டாகப் போவது. முதலில் தோற்றம் வரைதல், பிறகு எல்லாப் பக்கத்தின் எச்டிஎம்எல், பிறகு எல்லாவற்றுக்கும் சிஎஸ்எஸ், பிறகு எழுத்து நிரப்புதல், கடைசியில் ஏற்றுதல். இதில் ஒரு வசதி உண்டு. ஒரே வகை வேலையில் கை பழகும். ஐந்து பக்கமும் ஒரே தோற்றத்தில் வரும். முன்பு தளம் கட்டியவருக்கு இது பொருந்தும்.

முதல் தடவை கட்டுகிறவருக்கு இது ஆபத்து, ஏனென்றால் மேலே சொன்ன தடங்கல்கள் எல்லாம் பின்னுக்குப் போய்விடும். பாமினி ஆறாம் கிழமையில் தெரியவரும். கோப்புப் பெயரும் போன் திரையும் கடைசிக் கிழமையில். அதுவரை ஒவ்வொரு கிழமையும் ‘சிஎஸ்எஸ் முடிந்தது’ என்று குறித்திருப்பார், பிந்துவது யாருக்கும் தெரியாது. ஐந்தாம் கிழமையில் சங்கத்தார் கேட்டால் காட்டுவதற்கும் ஒன்றும் இருக்காது.

பக்கம் பக்கமாகப் போனால் ஒவ்வொரு இலக்கும் ‘இந்தப் பக்கம் இணையத்தில் இருக்கிறது’ என்பதாக இருக்கும். அது முடிந்ததா இல்லையா என்று சோதிக்க என்னிடம் ஒரே அளவுதான்: வேறொருவர் தன் போனில், தன் டேட்டாவில் திறந்து, வேண்டியதைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘தொண்ணூறு வீதம் முடிந்தது’ என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை. ‘சிஎஸ்எஸ் கிரிட் படிப்பது’, ‘தோற்றத்தை மெருகூட்டுவது’ என்பவையும் இலக்காக வரக் கூடாது; எப்போது முடிந்தது என்று சொல்ல முடியாத வேலை எத்தனை கிழமையையும் விழுங்கும்.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். தலைப்புப் பட்டி ஒவ்வொரு பக்கத்துக் கோப்பிலும் தனித்தனியாக இருக்கும். நான்காம் பக்கத்தில் பட்டியை மாற்ற நினைத்தால் நான்கு கோப்பையும் திறந்து மாற்ற வேண்டும். இரண்டாம் பக்கம் தொடங்குமுன் ஐந்து பக்கங்களின் பெயரையும் வரிசையையும் சங்கத்தாரோடு பேசி முடிவாக்கிவிட்டு, தோற்றம் முழுவதையும் ஒரே `style.css` கோப்பில் வைத்தால் இந்தக் குறை பெரிதும் போய்விடும். முன்னே செய்த பக்கத்தின் தோற்றம் பின்னே பிடிக்காமல் போவதும் நடக்கும். அதைத் திருத்தும் வேலையைப் பத்தாம் கிழமைக்குத் தள்ளி எழுதி வையுங்கள். இடையில் தொட்டால் இலக்கு நழுவும்.

எங்கள் உதாரணத்தின் பத்துக் கிழமை இப்படி விழும். முதல் இரண்டும் ‘அமைப்பைப் பற்றி’ பக்கத்துக்கு. மூன்றாம், நான்காம் கிழமைகள் நீர் அட்டவணைக்கு. கடினமான பக்கத்தை இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம், கணக்குப் பிழைத்தால் இங்கேதான் பிழைக்கும். அதை நான்காம் கிழமையில் தெரிந்துகொண்டால் திட்டத்தை மாற்ற நேரம் இருக்கும். தளத்துக்கு ஆட்கள் வரப்போவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்காகத்தான். மூன்றாம் கிழமை முடிவில் உண்மையான அட்டவணை, ஒரு வாய்க்காலுக்காவது, கணினியில் சரியாகத் தெரிய வேண்டும். நான்காம் கிழமை முடிவில் எல்லா வாய்க்காலும் போனில். அட்டவணையை ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டிக்கு `overflow-x: auto` கொடுத்தால் அட்டவணை மட்டும் பக்கவாட்டில் நகரும், முழுப் பக்கமும் நகராது. அது போதும், அதைவிட அழகான தீர்வு தேடி இந்தக் கிழமையைச் செலவழிக்க வேண்டாம்.

ஐந்தாம் கிழமை முகப்பு, ஆறாம் கிழமை அறிவித்தல்கள். மூன்றிலிருந்து ஆறு வரையான இந்த நான்கு கிழமையில் 24 மணித்தியாலம் இருக்கிறது, பக்கங்களுக்கு 20 போகும். மிஞ்சுகிற 4இல் டொமைனைச் செய்ய வேண்டும். `.lk` பெயர் எடுத்தாலும் வேறு எடுத்தாலும், பெயரைத் தளத்தோடு இணைத்த பிறகு அந்த மாற்றம் எல்லா இடமும் போய்ச் சேர 24 மணித்தியாலம் வரை எடுக்கலாம். அது சரியான பிறகுதான் `https` சான்றிதழும் வரும். கை வேலை கொஞ்சம், காத்திருப்பு அதிகம். ஆகவே பூச்சியக் கிழமைக்குச் சற்று முன் அதைச் செய்துவிட்டுப் போவது நல்லது. நீங்கள் மடுவில் நிற்கும்போது அது தன்பாட்டில் நடந்து முடியும்.

ஏழாம் கிழமை ஒன்றுமில்லை. எட்டாம் கிழமை தொடர்பு. ஒன்பதாம் கிழமை நான்கைந்து பேரின் போனில் பார்த்தல். பழைய போன் வைத்திருக்கிற வயதான கமக்காரர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவரிடம் “உங்கட வாய்க்காலுக்கு எப்ப தண்ணி?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் பேசாமல் இருந்து பாருங்கள். அவர் விரல் எங்கே தடுமாறுகிறதோ அங்கே திருத்தம் வேண்டும். பத்தாம் கிழமை கைகாவல்.

ஒவ்வொரு ஞாயிறு இரவும் கொப்பியில் இரண்டு எண்களைப் பாருங்கள்: இந்தக் கிழமை எத்தனை மணித்தியாலம் இருந்தேன், திரும்ப வரும் வேலைக்குப் பக்கத்துக்கு எத்தனை போனது. ஒரு கிழமை இலக்குத் தவறினால் கைகாவலில் இருந்து எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு கிழமை தவறினால் மீதி மணித்தியாலத்தைப் புதிதாக வகுத்துப் பார்க்க வேண்டும். ‘வருகிற கிழமை பிடித்துவிடுவேன்’ என்று விடக் கூடாது. ஆறு மணித்தியாலக் கிழமை திடீரென்று பன்னிரண்டு ஆகாது.

புதுக் கணக்கில் திகதி தாண்டினால் இரண்டு தெரிவு: திகதியைத் தள்ளுவது, அல்லது வேலையைக் குறைப்பது. சங்கத்துக்கு அவசரம் இல்லையென்றால் திகதியைத் தள்ளலாம், ஒரே தடவை, போதுமான அளவுக்கு. இங்கே விதைப்பு காத்திருக்காது, ஆகவே வேலையைத்தான் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது என்பதை நெருக்கடி வருமுன், இரண்டாம் கிழமை முடிவிலேயே சங்கத்தாரோடு பேசி எழுதி வைப்பது நல்லது. முதலில் போவது ‘தொடர்பு’ பக்கம்: செயலாளரின் தொலைபேசி இலக்கத்தை முகப்பின் அடியில் ஒரு வரியாகப் போட்டால் 5 மணித்தியாலம் மிஞ்சும். அடுத்தது ‘அறிவித்தல்கள்’: கடைசி மூன்று அறிவித்தலை முகப்பிலேயே போட்டால் இன்னொரு கிழமை கையில் வரும். அப்போது தளம் மூன்று பக்கம்தான் இருக்கும், நீர் அட்டவணை அதில் இருக்கும். மற்ற இரண்டையும் விதைப்பு வேலை ஓய்ந்த பிறகு, அளந்து வைத்த அதே ஐந்து மணித்தியாலக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.